சேமிப்பு விகிதத்தை ஆட்டியது எது, இறக்கியது எது?

*வணக்கம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஒரே மகள், ஐந்தாம் வகுப்பு. போன ஏப்ரலிலிருந்து இந்த மார்ச் வரை வரவு செலவை விடாமல் கூகுள் ஷீட்டில் எழுதி வந்திருக்கிறேன். ஒரு மாதம் 30 சதவீதம் மிச்சம் என்று வருகிறது, நவம்பரில் ஒன்றுமே மிஞ்சவில்லை. மொத்தத்தில் இறங்கிக்கொண்டு வருகிறது என்பது மட்டும் தெரிகிறது. அக்டோபரில் கடலூர் வேலையை விட்டுப் பாண்டியில் சேர்ந்தேன், 4,000 ரூபாய் கூடுதல் சம்பளம். அப்படியும் ஏன் இறங்குகிறது? ஸ்கூல் ஃபீஸும் தீபாவளியும்தான் காரணம் என்பது என் கட்சி. மீனுக்கும் கறிக்கும் போகிறது என்கிறார் அவர். யார் சொல்வது சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஷீட்டை இணைத்திருக்கிறேன்.*
*— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்*

மாதத்துக்கு மாதம் விகிதத்தைத் தூக்கிப் போடுவது ஸ்கூல் ஃபீஸ். அதில் உங்கள் கட்சிதான் ஜெயிக்கிறது. ஆனால் ஆண்டின் பின்பாதியில் விகிதம் இறங்கியதற்கு ஃபீஸ் காரணமில்லை, தீபாவளியும் இல்லை, மீனும் இல்லை. பயணமும் வெளிச்சாப்பாடும்தான். ஆட்டுகிற செலவும் இறக்குகிற செலவும் வேறு வேறாக இருக்கலாம். இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் உங்கள் வீட்டில் வாக்குவாதம் முடியாமல் நிற்கிறது.

கணக்குக்குள் போகும் முன் உங்கள் ஷீட்டில் மூன்று இடங்களைத் திருத்த வேண்டியிருந்தது. சேமிப்பு விகிதம் என்பது வரவிலிருந்து செலவைக் கழித்து, மிச்சத்தை வரவால் வகுப்பது. சூத்திரத்தில் குழப்பம் இல்லை. எது வரவு, எது செலவு என்பதில்தான் தவறு நுழைகிறது.

முதலாவது, மாதம் 5,000 சீட்டும் 3,000 நகைச் சீட்டும் செலவுப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் உங்கள் பணம், வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். செலவிலிருந்து எடுத்துவிட்டேன். சீட்டை நீங்கள் இன்னும் எடுக்கவில்லை என்பதால் இது சரி. எடுக்கும்போது கைக்கு வரும் மொத்தத் தொகையை வரவில் எழுதாதீர்கள். நகைச் சீட்டு முடிந்து நகை வாங்கும்போது செய்கூலி, சேதாரம், ஜி.எஸ்.டி. மட்டும் அந்த மாதச் செலவு.

இரண்டாவது, ஜூனில் ஃபீஸுக்காக நகையை அடகு வைத்து வாங்கிய 20,000 வரவில் ஏறியிருக்கிறது. கடன் வாங்கிய பணம் வரவு ஆகாது. அதை வரவாக எழுதியதாலும், சீட்டைச் செலவாக எழுதியதாலும், உங்கள் தாளில் ஜூன் விகிதம் 9.6 சதவீதம் என்று நிற்கிறது. உண்மையில் அந்த மாதம் 58,000 வந்தது, 62,550 போனது. அதாவது மைனஸ் 7.8 சதவீதம். ஆண்டின் மிக மோசமான மாதம் சுமாரான மாதம் போலத் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது அதன் மறுபக்கம். செப்டம்பரில் நகையை மீட்கக் கட்டிய 20,000 அசல் செலவில் இருக்கிறது. வட்டி மட்டும்தான் செலவு, அசல் செலவு இல்லை. இந்த ஒரு வரியால் செப்டம்பர் உங்கள் தாளில் மைனஸுக்குப் போயிருக்கிறது. உண்மையில் அது ஆண்டின் நல்ல மாதங்களில் ஒன்று.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டில் வாங்கினால் வாங்கிய தேதியில் செலவு எழுதுங்கள், பில் கட்டும்போது எழுத வேண்டாம். இரண்டு இடத்திலும் எழுதினால் ஒரே துணிக்கு இரண்டு முறை பணம் போகும். உங்கள் இருவர் கணக்குக்கும் இடையே ஜி-பேயில் மாறும் பணத்தையும் விட்டுவிடுங்கள்.

எல்லாம் எழுதியாயிற்றா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. ஏப்ரல் 1 அன்று வங்கி இருப்பு, ஆர்.டி., கட்டிய சீட்டு, நகைச் சீட்டு, கையிருப்பு எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். மார்ச் 31 அன்றும் அப்படியே கூட்டுங்கள். கடன் பாக்கி இருந்தால் இரண்டு நாளிலும் கழித்துவிடுங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிஜச் சேமிப்பு. உங்கள் திருத்திய தாளின்படி அது 2,11,120 ரூபாயாக வர வேண்டும். இருப்பில் 1,96,000 மட்டும் கூடியிருந்தால், 15,000 ரூபாய்ச் செலவு எழுதாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆண்டு வரவில் அது வெறும் 2 சதவீதம். ஆனால் அத்தனையும் பின்பாதியில் நழுவியிருந்தால் அந்த ஆறு மாத விகிதத்தில் ஏறக்குறைய 4 புள்ளி வித்தியாசம் வந்துவிடும், கீழே சொல்லும் முடிவே மாறிப்போகும். நழுவுவது பெரும்பாலும் ஏ.டி.எம்.மில் எடுத்த ரொக்கம். ஆகவே இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இனி தாளின் அமைப்பு. Log என்ற பக்கத்தில் தேதி, தொகை, வகை என்று மூன்று பத்திகள் போதும். Month என்ற இரண்டாம் பக்கத்தில் A பத்தியில் ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதி, B-யில் வரவு, C முதல் J வரை எட்டு வகைகள்: வாடகை, சமையல், வெளிச்சாப்பாடு, பயணம், பள்ளி, பண்டிகை, மருத்துவம், மற்றவை. நீங்கள் 23 வகை வைத்திருக்கிறீர்கள். அத்தனை வகையில் ஒவ்வொன்றும் சின்னதாகி, எதுவும் காரணமாகத் தெரியாது. எட்டாகச் சுருக்கிவிட்டேன். ‘மற்றவை’யில் கரண்ட் பில், போன், நெட், நகைக்கடன் வட்டி எல்லாம் அடங்கும். அது வரவில் 10 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் உடைத்துப் பாருங்கள்.

Month பக்கத்தில் C2 கட்டத்தில் இதைப் போட்டு வலப்பக்கமும் கீழேயும் இழுத்துவிடுங்கள். C1-இல் இருக்கும் வகைப் பெயரும் Log பக்கத்தில் எழுதிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியில் ஓர் இடைவெளி கூடியிருந்தாலும் தொகை சேராது.

```
=SUMIFS(Log!$B:$B, Log!$C:$C, C$1, Log!$A:$A, ">="&$A2, Log!$A:$A, "<="&EOMONTH($A2,0))
```

K2-வில் விகிதம்:

```
=($B2-SUM($C2:$J2))/$B2
```

Share என்று மூன்றாவது பக்கம். அதில் ரூபாய் கிடையாது. ஒவ்வொரு வகையும் அந்த மாத வரவில் எத்தனை சதவீதம் என்பதுதான் இருக்கும். `=Month!C2/Month!$B2` என்று எட்டு வகைக்கும் இழுத்து, K பத்தியில் Month பக்கத்து விகிதத்தை அப்படியே கொண்டுவாருங்கள். இந்தப் பங்குகள் எட்டையும் 100-லிருந்து கழித்தால் மிஞ்சுவது சேமிப்பு விகிதம். பயணத்தின் பங்கு 1 புள்ளி ஏறினால் சேமிப்பு விகிதம் சரியாக 1 புள்ளி இறங்கும். இதில் ஊகத்துக்கு இடமே இல்லை என்பதால்தான் ரூபாயை விட்டுப் பங்கைப் பார்க்கச் சொல்கிறேன்.

இப்போது முதல் கேள்வி, ஆட்டியது எது? Share பக்கத்தில் பன்னிரண்டு மாதத்துக்குக் கீழே, ஒவ்வொரு வகைக்கும் இந்தச் சூத்திரம்:

```
=-SLOPE(C2:C13,$K2:$K13)
```

விகிதம் ஏறி இறங்கும்போது அதோடு எந்த வகை எவ்வளவு எதிர்ப்பக்கம் நகர்ந்தது என்பதை இது சொல்லும். எட்டு வகைக்கும் வரும் எண்களைக் கூட்டினால் 1 வரும். வராவிட்டால் எங்கோ ஒரு பத்தி விட்டுப்போயிருக்கிறது. 0.30 என்று வந்தால், மொத்த ஆட்டத்தில் 30 சதவீதம் அந்த வகையால் வந்தது. மைனஸில் வந்தால் அது ஆட்டத்தைக் குறைத்திருக்கிறது.

உங்கள் தாளில் மாதாமாதம் வரும் சில்லறைச் செலவுகளுக்கு அரையாண்டுச் சராசரியை வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். பள்ளி 0.79. பண்டிகை 0.12. மருத்துவம் 0.09, அதுவும் ஆகஸ்டில் ஒரே தவணையாகக் கட்டிய மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 15,000-ஆல் வந்தது. பயணமும் வெளிச்சாப்பாடும் சேர்ந்தே 0.03தான்.

காரணம் தாளிலேயே தெரிகிறது. ஏப்ரல், மே, ஜூலை, செப்டம்பர் மாதங்களில் சுமார் 44 சதவீதம் மிஞ்சுகிறது. ஜூனில் 30,000 ஃபீஸ் போய் மைனஸ் 8. நவம்பரில் இரண்டாம் தவணை 14,000 போய் 12. இத்தனை பெரிய மேடுபள்ளத்தின் நடுவே, தினம் நூறு ரூபாயாகக் கசியும் செலவு கண்ணுக்கே படாது. பலர் இந்த இடத்தோடு நிறுத்தி, ‘ஃபீஸ்தான் காரணம், அதை ஒன்றும் செய்ய முடியாது’ என்று தாளை மூடிவிடுகிறார்கள்.

ஆனால் ஃபீஸ் போன வருஷமும் இருந்தது, வரும் வருஷமும் இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை வந்துபோகும் தொகை அந்த மாதத்தை மட்டும் சாய்க்கிறது, மட்டத்தை மாற்றுவதில்லை. மட்டம் மாறியதா என்று பார்க்க, ஆண்டுச் செலவுகளைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பரப்ப வேண்டும். Month பக்கத்தைப் பிரதி எடுத்து Spread என்று பெயர் வையுங்கள். பள்ளி 44,000 என்பதை மாதம் 3,667 ஆக்குங்கள். தீபாவளி 27,000, பொங்கல் 9,000, ஆக 36,000, மாதம் 3,000. காப்பீடு 15,000, மாதம் 1,250.

வரவிலும் ஒரு மேடு இருக்கிறது. உங்கள் கணவருக்கு அக்டோபரில் வந்த போனஸ் 24,000. அதையும் மாதம் 2,000 என்று பரப்புங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம். செலவை மட்டும் பரப்பி போனஸை அக்டோபரிலேயே விட்டால் பின்பாதி வரவு வீங்கி, இறக்கத்தில் பாதிக்கு மேல் மறைந்துவிடும். எதையும் பரப்பாத உங்கள் தாளில் முன்பாதி 30.9 சதவீதம், பின்பாதி 26.1 சதவீதம். ஐந்து புள்ளி கூடக் குறையவில்லை. எல்லாவற்றையும் பரப்பிய பிறகு முன்பாதி 32.6, பின்பாதி 24.5. எட்டுப் புள்ளி இறக்கம்.

எங்கே வெட்டிப் பாதியாக்குவது என்பதும் முக்கியம். காலண்டரைப் பார்த்து வெட்டக்கூடாது, வீட்டில் ஏதோ ஒன்று மாறிய மாதத்தில் வெட்ட வேண்டும். உங்களுக்கு அது அக்டோபர். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று சமமாக அமைந்தது தற்செயல். ஆகஸ்டில் வேலை மாறியிருந்தால் நான்கு மாதம் ஒரு பக்கம், எட்டு மாதம் ஒரு பக்கம் என்று வெட்டியிருப்பேன்.

பரப்பிய மாத வரவு முன்பாதியில் 60,000, பின்பாதியில் 64,000. ஒவ்வொரு வகையும் அதில் எத்தனை சதவீதம் என்று கீழே. கடைசிப் பத்தி, அதனால் சேமிப்பு விகிதம் எத்தனை புள்ளி மாறியது என்பது.

| வகை | ஏப்.–செப். | அக்.–மார்ச் | விகிதத்தில் மாற்றம் |
|---|---|---|---|
| பயணம் | 5.0 | 10.0 | −5.0 |
| வெளிச்சாப்பாடு | 4.0 | 8.0 | −4.0 |
| மற்றவை | 8.3 | 8.8 | −0.4 |
| சமையல் | 20.0 | 20.3 | −0.3 |
| மருத்துவம் | 4.0 | 4.0 | 0 |
| பண்டிகை | 5.0 | 4.7 | +0.3 |
| பள்ளி | 6.1 | 5.7 | +0.4 |
| வாடகை | 15.0 | 14.1 | +0.9 |

கடைசிப் பத்தியைக் கூட்டினால் மைனஸ் 8.1. மேலே சொன்ன இறக்கம் அதேதான். இப்படிப் பொருந்தாவிட்டால் எங்கோ கணக்கு தவறியிருக்கிறது. பயணமும் வெளிச்சாப்பாடும் சேர்ந்து 9 புள்ளி இறக்கியிருக்கின்றன, வாடகை போன்றவை மாறாமல் நின்று, சம்பளம் கூடியதால் ஒன்றரைப் புள்ளி திருப்பித் தந்திருக்கின்றன. ஆட்டக் கணக்கில் 0.79 வாங்கிய பள்ளி இங்கே ஏற்றும் பக்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள்.

ரூபாயில் பார்த்தால் இன்னும் சுருக்கென்று தைக்கும். சம்பளம் 4,000 கூடியது. பயணம் மாதம் 3,000-லிருந்து 6,400, கூடுதல் 3,400. வெளிச்சாப்பாடு 2,400-லிருந்து 5,120, கூடுதல் 2,720. இரண்டும் சேர்ந்து 6,120. புதிய வேலையால் கைக்கு வந்ததைவிட மாதம் 2,120 ரூபாய் கூடுதலாகப் போகிறது. மாதம் 25 வேலை நாள் என்றால் பயணத்தில் நாளைக்கு 136, சாப்பாட்டில் 109. முன்பு கடலூருக்குள்ளேயே வேலை. அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆகவே உங்கள் பங்குக்குப் பயணச் செலவே கிடையாது. அந்த 3,000 கணவரின் பெட்ரோல். இப்போது பாண்டி பஸ், இறங்கியதும் ஷேர் ஆட்டோ, மாலை மறுபடி அதே. பூஜ்ஜியத்திலிருந்து ஏறியதால் சம்பள உயர்வை எண்ணிப் பார்க்கும்போது இது கணக்கில் வந்திருக்காது.

ஆனால் வெளிச்சாப்பாடு முழுவதையும் வேலையின் தலையில் கட்டுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். Log பக்கத்தில் D பத்தியில் `=TEXT(A2,"ddd")` என்று போட்டால் கிழமை வரும். வெளிச்சாப்பாட்டை மட்டும் ஃபில்டர் செய்து, முன்பாதி ஞாயிறுகளின் மொத்தத்தையும் பின்பாதி ஞாயிறுகளின் மொத்தத்தையும் ஒப்பிடுங்கள். ஞாயிறு அப்படியே இருந்து மற்ற நாள்கள் கூடியிருந்தால் காரணம் வேலை: மதியச் சாப்பாடு, பஸ் ஸ்டாண்டில் டீ வடை, களைத்து வந்த இரவில் பார்சல். ஞாயிறும் இரட்டிப்பாகியிருந்தால் அது வேறு பழக்கம், பாண்டி வேலையை விட்டாலும் நிற்காது.

கணவரின் மீன் கட்சிக்கு வருவோம். சமையல் செலவு ரூபாயில் 12,000-லிருந்து 13,000 ஆகியிருக்கிறது. அவர் கண்ணில் பட்டது அதுதான். வரவும் கூடியிருப்பதால் விகிதத்தை அது 0.3 புள்ளிதான் தொட்டிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முன்பாதியில்தான் விழுகிறது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் குறைந்து விலை ஏறும் நாள்கள் அவை. அந்த மாதங்களைத் தாண்டியும் சமையல் பங்கு பெரிதாக அசையவில்லை. எனக்கு இதில் உறுத்துவது வேறு. வாரத்தில் ஐந்தாறு வேளை வெளியே சாப்பிடுகிற வீட்டில் சமையல் செலவு கொஞ்சமாவது இறங்க வேண்டும். இறங்கவில்லை. ஒன்று, முன்பு போலவே உலை வைத்து மிச்சம் கொட்டப்படுகிறது. இல்லையென்றால் விலையேற்றம் அந்த இறக்கத்தை விழுங்கியிருக்கிறது. அரிசி மூட்டையும் எண்ணெயும் எத்தனை நாளுக்கு ஒரு முறை வாங்குகிறீர்கள் என்று Log பக்கத்துத் தேதிகளைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். இடைவெளி நீளவில்லையென்றால் முதல் காரணம்தான்.

இந்த முடிவுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று பி.எஃப். பழைய வேலையில் பிடித்தம் இல்லாமல் புதிய வேலையில் இருந்தால், கைக்கு வரும் சம்பளத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு புதிய வேலைக்கு அநியாயம் செய்கிறது. மாதம் 1,800 பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் (15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 சதவீதம்), அதை வரவிலும் சேர்க்க வேண்டும், சேமிப்பிலும் சேர்க்க வேண்டும். பின்பாதி விகிதம் 24.5-லிருந்து 26.5 ஆகும். இறக்கம் எட்டிலிருந்து ஆறாகும். சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கணவரின் பிடித்தத்தையும் சேர்ப்பதானால் இரண்டு பாதியிலும் சேருங்கள்.

இன்னொன்று பருவம். உங்களிடம் இருப்பது ஒரே வருஷம். கோடையில் ஏ.சி.யால் கரண்ட் பில் கூடும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் ஆட்டோவும் மருத்துவமும் கூடும். பின்பாதியில் கூடியது வேலையால் கூடியதா, மழைக்காலத்தால் கூடியதா என்று ஒரு வருஷத் தாளால் முழுக்கப் பிரிக்க முடியாது. பயணத்தில் மட்டும் அந்தச் சந்தேகம் குறைவு. மழை முடிந்த பிப்ரவரி, மார்ச்சிலும் நாளைக்கு 136 ரூபாய்க்குப் பக்கத்தில் நின்றால் அது வேலையால்தான். வரும் ஏப்ரல்–செப்டம்பரைப் போன ஏப்ரல்–செப்டம்பரோடு ஒப்பிட்டால் மற்ற வகைகளும் தெளியும்.

எதைக் குறைப்பது என்று பார்க்க, உங்கள் வீட்டில் 1 புள்ளி என்பது மாதம் 640 ரூபாய் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தில் எனக்குப் பெரிய வழி தெரியவில்லை. ஸ்கூட்டியில் போகலாம் என்று தோன்றும். போக வர 45 கிலோமீட்டருக்கு மேல், நாளைக்கு ஒரு லிட்டர். லிட்டர் 100 என்று வைத்தாலும் மாதம் 2,500, அதோடு டயர், ஆயில், சர்வீஸ். மிஞ்சுவது ஒரு புள்ளிக்கும் குறைவு, அந்த நெடுஞ்சாலையில் தினமும் வண்டி ஓட்டுவதற்கு அது போதாது. வெளிச்சாப்பாடு வேறு. மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் 5,120-ஐ 3,840-க்குக் கொண்டுவந்தாலே இரண்டு புள்ளி திரும்பும். எப்படியும் வீட்டில் உலை ஏறுகிறது என்பதால் சமையல் செலவு அதனால் உயராது.

ஃபீஸும் தீபாவளியும் விகிதத்தை இறக்கவில்லை என்றாலும் ஜூனில் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோனது அந்த மேடுதான். 44 சதவீதம் மிஞ்சிய மாதங்களில் மிஞ்சியது எல்லாம் ஆர்.டி.யிலும் சீட்டிலும் போய் உட்கார்ந்துகொண்டதால், ஃபீஸ் கட்டக் கையில் ஒன்றுமில்லை. ஆண்டுச் செலவுகள் மொத்தம் 95,000. போனஸ் 24,000 போக 71,000. மாதம் 5,917 ரூபாய் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டு, இந்தச் செலவுகளை அதிலிருந்தே கட்டுங்கள், போனஸையும் அதிலேயே போடுங்கள்.

ஏப்ரலில் இருப்பு எதுவும் இல்லாமல் தொடங்கினால் ஜூன் ஃபீஸுக்கு 12,249 குறையும், ஏனென்றால் மூன்று தவணைதான் சேர்ந்திருக்கும். ஆகஸ்டில் காப்பீடு கட்டும்போது பள்ளம் 15,415 வரை ஆழமாகும். நவம்பரில் இரண்டாம் தவணைக்கு மறுபடி 14,664. ஆகவே தொடக்கத்திலேயே 15,500 ரூபாயை அந்தக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஃபீஸ் கூடியிருந்தால் கூடுதலையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்.டி. முதிர்வு வரும் வரை காத்திருக்க வேண்டாம், ஏப்ரல், மே இரண்டு மாத மிச்சத்திலிருந்தே எடுக்கலாம். அந்த இரண்டு மாதம் புதிய ஆர்.டி. எதையும் திறக்காதீர்கள்.